‘வெத்தலை போடு’: சிறைப் பேச்சைத் தவறாகப் படித்தவர்கள்

அலங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் ஒரு காலை நேரம் நின்றாலே போதும், ‘கேடி’ என்ற சொல் காதில் விழுந்துவிடும். மிட்டாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் பேரனைப் பார்த்துப் பாட்டி “சரியான கேடிப்பய” என்று சிரிப்பார். வகுப்பில் முதலாவதாக வரும் தோழியை “ஏய் கேடி, எப்படா படிச்ச?” என்று இன்னொரு பெண் வம்புக்கு இழுப்பாள். காணும் பொங்கலன்று வாடிவாசலில் எவர் கைக்கும் சிக்காமல் ஓடும் காளைக்கும் அந்தப் பட்டம் கிடைக்கும். கேட்பவர் யாரும் கோபப்படுவதில்லை.

அந்தச் சொல் பிறந்த இடம் காவல் நிலையம். சென்னை மாகாணக் காவல்துறை தன் கண்காணிப்பில் வைத்திருந்த ஆட்களை ‘நோன் டெப்ரடேட்டர்’, அதாவது அறியப்பட்ட கொள்ளையர் என்று பதிவேட்டில் எழுதியது. அதன் முதலெழுத்துகள் இரண்டும் சேர்ந்து கே.டி. ஆயின. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவரின் வீட்டுக் கதவு இரவில் தட்டப்படும். ஊரில் எங்கே களவு நடந்தாலும் முதலில் இழுத்துச் செல்லப்படுபவர் அவர்தான். அரசு அச்சுறுத்தலாக எழுதிய குறியை மதுரைச் சீமை தன் வாயில் போட்டு மென்று செல்லப் பெயராக்கி வைத்திருக்கிறது.

ஒரே சொல் ஒருவர் வாயில் வழக்கு, இன்னொருவர் வாயில் கொஞ்சல். சிறைக்குள்ளும் சிறையைச் சுற்றியும் புழங்கும் பேச்சு முழுவதும் இப்படித்தான் இயங்குகிறது. வெளியாள் அதை இரண்டு பக்கமும் தவறாகப் படிக்கிறார். கடுமையாக ஒலிக்கும் சொல்லைக் கேட்டதும் மிரட்டல் என்று எடுத்துக்கொள்கிறார். அது பல நேரம் ஒருவரைக் காப்பாற்றச் சொன்னதாக இருக்கும். சாதுவாக ஒலிக்கும் சொல்லைக் கேட்டு நகர்ந்துவிடுகிறார். கத்தி அதற்குள்ளேதான் இருக்கும். இந்தத் தவறான வாசிப்பு சட்டமாகவே மாறி, மதுரைக்கு மேற்கே உள்ள கிராமங்கள் வரை வந்து சேர்ந்த வரலாறு ஒன்று உண்டு.

இலக்கணம் அறிந்த இரகசியம்

குழுவுக்குள் மட்டும் புழங்கும் பேச்சைத் தமிழ் இலக்கணம் ஒருபோதும் குற்றமாகப் பார்த்ததில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் அதற்குக் குழூஉக்குறி என்று பெயர் கொடுத்து, தகுதி வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாக வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த எடுத்துக்காட்டுகள் பலருக்கும் நினைவிருக்கும். மற்ற இரண்டு வகைகள் இடக்கரடக்கலும் மங்கலமும். சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைப்பது முதலாவது. செத்தார் என்னாமல் ‘துஞ்சினார்’ என்பதுபோல, கெட்டதை நல்ல சொல்லால் சொல்வது இரண்டாவது.

சிறைப் பேச்சில் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன. காவலரின் காதுக்கு எட்டாமல் இருக்கச் சில சொற்கள் உள்ளன. அவமானத்தை மூட வேறு சில. மனம் உடையாமல் இருக்க இன்னும் சில. சிறையை ‘மாமியார் வீடு’ என்பதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பெயர் தெரியாத காவலர் தமிழ்நாட்டில் கிடையாது. அது மங்கலம். ஆனால் வெளியிலிருந்து வரும் அதிகாரியோ நிருபரோ மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘குற்றவாளிகளின் இரகசிய மொழி’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறார். தவறு அங்கே தொடங்குகிறது.

வெற்றிலையும் புகையிலையும்

இந்தியாவில் இத்தகைய பேச்சை முதன்முதலாக விரிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் சென்னை மாகாண மருத்துவர் ரிச்சர்ட் ஷெர்வுட். வட ஆற்காடு, சித்தூர்ப் பாளையங்கள் பக்கம் வழிப்போக்கர்களைச் சுருக்குப் போட்டுக் கொன்ற கும்பல்களைப் பற்றி 1816-ல் அவர் எழுதினார். கட்டுரை 1820-ல் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ தொகுதியில் மறுபடி வந்தது. ஆங்கிலேயர் ‘பான்சிகர்’ என்று அழைத்த அந்த ஆட்களுக்குத் தமிழில் ‘அரி துலுக்கர்’ என்ற பெயர் இருந்ததாகவும் அவர் குறித்திருக்கிறார்.

ஷெர்வுட் சேர்த்த சொற்றொடர்களில் ஒன்றுகூடக் காதுக்குக் கொடூரமாக இல்லை. “இடத்தைப் பெருக்கு” என்றால் அக்கம்பக்கம் ஆள் யாரும் இல்லையே என்று பார்த்து வா. “விறகு கொண்டு வா” என்றால் அவரவர் இடத்தில் போய் நில். “வெற்றிலை போடு” என்றால் ஆளை முடித்துவிடு. சாயங்கால வேளையில் சத்திரத்து மரத்தடியில் இதைக் கேட்கும் வழிப்போக்கருக்கு என்ன தோன்றும்? நல்ல மனிதர்கள், சமைக்கப் போகிறார்கள், தாம்பூலம் தரப் போகிறார்கள் என்றுதான் தோன்றும்.

கை ஜாடைகளையும் அவர் எழுதியிருக்கிறார். புறங்கையைத் தொண்டையிலிருந்து தாடை வழியாக வெளிப்பக்கம் இழுத்தால், அந்நியன் வருகிறான், எச்சரிக்கை என்று பொருள். விரித்த கையை வாய்மேல் வைத்து மெல்லக் கீழே இறக்கினால், பயம் நீங்கியது என்று பொருள். தொண்டையில் கை போவதைப் பார்க்கும் இன்றைய வாசகர் அதைக் கழுத்தறுக்கும் மிரட்டலாகவே எடுத்துக்கொள்வார். உண்மையில் அது தன் ஆட்களைக் காக்கும் சைகை. கொலைக்கான கட்டளை வெற்றிலையில் இருந்தது. எச்சரிக்கை தொண்டையில் இருந்தது. வெளியாள் இரண்டையும் தலைகீழாகப் படிக்க எல்லா வாய்ப்பும் இருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1836-ல், கல்கத்தாவில் ஒரு புத்தகம் வந்தது. பெயர் ‘ராமசீயானா’. எழுதியவர் வில்லியம் ஸ்லீமன். மத்திய இந்தியாவில் ‘தக்’ என்று அழைக்கப்பட்ட கொலைக் கும்பல்களைப் பிடித்த ஆங்கிலேய அதிகாரி. அந்தக் கும்பல்களின் தனிப்பேச்சான ‘ராமசி’யின் சொற்களை அகர வரிசையில் தொகுத்திருந்தார். சொற்களைத் தந்தவர்கள் அவருடைய கைதிகள்.

அந்தத் தொகுப்பில் ‘பனிஜ்’ என்று ஒரு சொல் உண்டு. நம் வாணிபத்துக்கு உறவான சொல்தான். நேர்ப்பொருள் வியாபாரச் சரக்கு. அவர்கள் வாயில் அதற்குக் கொல்லப்படப் போகும் வழிப்போக்கர் என்று பொருள். சுருக்குப் போடுவதற்கான கடைசிக் குறியும் பெரும்பாலும் புகையிலையைக் கேட்கும் சாதாரணப் பேச்சாகவே இருந்தது. இந்தக் கொலைகள் கற்பனை அல்ல. கைதிகள் காட்டிய இடங்களைத் தோண்டியபோது பிணங்கள் கிடைத்தன. அந்த அளவில் ஸ்லீமன் சரியாகவே படித்தார்.

அகராதி சட்டமானது எப்படி?

அவர் சறுக்கிய இடம் வேறு. சொல் தந்தவர்கள் யார், எந்த நிலையில் தந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய ஆட்கள், அதாவது அப்ரூவர்கள். பேசினால் தூக்கு இல்லை. ஆனால் விடுதலையும் இல்லை. எவ்வளவு சொல்கிறார்களோ அவ்வளவுக்கு உயிர் பத்திரம். தன்னிடம் எவருக்கும் தெரியாத பெரிய இரகசியம் இருப்பதாகக் காட்டிக்கொள்வது அப்படிப்பட்டவருக்கு இலாபம். அதிகாரிக்கும் பெரிய இரகசியம்தான் வேண்டியிருந்தது.

அந்தச் சொற்களில் பெரும்பகுதி கொலையைப் பற்றியதே அல்ல. ஏராளமானவை சகுனம் பற்றியவை. வலப்பக்கம் ஒலி கேட்டால் ‘திபாவு’, இடப்பக்கம் கேட்டால் ‘பில்ஹாவு’. ஆந்தை, கழுதை, நரி எது எந்தப் பக்கம் குரல் கொடுத்தால் கிளம்பலாம், எப்போது திரும்பிவிட வேண்டும் என்று நீள்கிறது பட்டியல். பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்துப் பயணம் கிளம்பும் தமிழருக்கு இதில் வியப்பேதும் இராது. வழியில் மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சம் உள்ளவர்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ளும் பேச்சு அது. ஸ்லீமன் அதைக் கொலைக்கென்று அமைந்த ஒரு மதத்தின் சாத்திரமாகப் படித்தார். தனிச்சொல் இருக்கிறது, ஆகவே தனிமொழி. தனிமொழி இருக்கிறது, ஆகவே தலைமுறை தலைமுறையாக வரும் தனிக்கூட்டம் என்று முடிவுகட்டினார். இலக்கணம் முழுக்க ஊர்ப்பேச்சான இந்துஸ்தானியாக இருந்ததும், மாறியவை சில நூறு பெயர்ச்சொற்களும் வினைகளும்தான் என்பதும் அந்த வேகத்தில் பின்னுக்குப் போயின. ராதிகா சிங்கா, கிம் வாக்னர் போன்ற வரலாற்றாசிரியர்கள் அண்மைக் காலத்தில்தான் இந்தச் சாட்சியங்களை மறுபடி எடுத்துப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

புத்தகம் வந்த அதே 1836-ல் ஒரு சட்டமும் வந்தது. ‘தக்’ கும்பல் எதையேனும் சேர்ந்தவர் என்று நிரூபணமானால் கடுங்காவலுடன் ஆயுள் தண்டனை. அவர் கையால் யாரையும் கொன்றார் என்று காட்ட வேண்டியதில்லை. சட்டம் இயற்றப்படுவதற்கு முன்பு சேர்ந்திருந்தாலும் தண்டனை உண்டு. ‘தக்’ என்றால் யார் என்ற வரையறையையும் அந்தச் சட்டம் கொடுக்கவில்லை. செய்த செயலை விட்டுவிட்டு, ஆள் எந்தக் கூட்டம் என்று பார்த்துத் தண்டிக்கும் வழக்கம் இப்படி ஏட்டில் ஏறியது.

மதுரைக்கு வந்த சீட்டு

அந்த எண்ணம் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டமாக வளர்ந்தது. 1911-ல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணமும் அதன்கீழ் வந்தது. அலங்காநல்லூருக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர்கள் ஊர் ஊராக அதில் சேர்க்கப்பட்டார்கள். மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். வயதுக்கு வந்த ஆண்கள் ரேகை வைக்க வேண்டும். இரவில் ஆஜராக வேண்டும். வெளியூர் போனால் ‘ராத்திரிச் சீட்டு’ வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில், பெண் ஒருவர் உட்பட 16 பேர் மாண்டதை அந்த ஊர் நினைவுத்தூண் வைத்துப் போற்றுகிறது. சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது 1947-ல்.

இங்கேயும் ஒரு சொல் தவறாகப் படிக்கப்பட்டது. அது ‘காவல்’. ஊரையும் கதிரையும் மாட்டையும் காக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டவருக்கு ஊர் தரும் தானியமோ பணமோ காவல்கூலி. மாடு களவுபோனால் அதைக் கண்டுபிடித்துத் திருப்பித் தருபவருக்குக் கொடுப்பது துப்புக்கூலி. ஆங்கிலேய அதிகாரிகளின் குறிப்புகளில் இரண்டும் மிரட்டிப் பறிக்கும் பணம் என்றே விழுந்தன. அவர்கள் முழுக்கப் பொய் சொல்லவில்லை. காவல்கூலி கொடுக்காத வீட்டு மாடு காணாமல் போனதும், துப்புச் சொன்னவரே களவுக்கு உடந்தையாக இருந்ததும் நடந்திருக்கின்றன. கொடுமை தாங்காமல் 1890-களில் திண்டுக்கல் பக்கம் ஊர்கள் திரண்டு காவல்காரர்களை விலக்கிவைத்ததும் வரலாறு. ஆனால் களவுக்குப் பொறுப்பேற்று, பொருள் கிடைக்காவிட்டால் ஈடு கொடுத்த காவல்காரர்களும் அதே ஊர்களில் இருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில் அதை நம்பித்தான் மக்கள் இரவில் தூங்கினார்கள். ஒரே ஏற்பாட்டுக்குள் காப்பும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. எந்த ஊரில் எது மேலோங்கியது என்று விசாரித்துத்தான் அறிய முடியும். பதிவேடு அந்த விசாரணைக்கு நேரம் ஒதுக்கவில்லை. மொத்த ஊரும் கே.டி. ஆயிற்று.

158 பேரும் 132 பேரும்

உள்ளே இருப்பவர்களிடமே போய், “ஏன் இப்படிப் பேசுகிறீர்கள்?” என்று கேட்டவர் கல்கத்தா மொழியியலாளர் பக்திபிரசாத் மல்லிக். மேற்கு வங்கத்து நிழலுலகப் பேச்சைப் பற்றிய அவர் நூல் 1972-ல் வெளியானது. அதில் வெடிகுண்டுக்கு மட்டும் 21 சொற்கள், போலீஸுக்கு 41 சொற்கள். நாளும் பொழுதும் எது தங்களைத் துரத்துகிறதோ அதற்குத்தான் அவர்கள் பெயர் மேல் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

மல்லிக்கின் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் 385 பேர். இரகசியம் காக்கத்தான் என்று சொன்னவர்கள் 158 பேர். சொல்லுக்கு வலு வேண்டும், பேச்சில் அழகு வேண்டும், அதற்காகத்தான் என்று சொன்னவர்கள் 132 பேர். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்தப் பேச்சு சொல்விளையாட்டு. தன்னைத் தாழ்த்திய உலகத்துக்கு எதிரே தலை நிமிர்ந்து நிற்கும் வழி. இந்த ஆய்வையும் எடுத்துக்கொண்டுதான் மொழியியலாளர் ஹாலிடே 1976-ல் ‘எதிர்மொழி’ என்ற கருத்தை முன்வைத்தார். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு மாற்றுச் சமூகத்தைக் கட்டிக்கொள்ளும்போது அதற்கென்று ஒரு பேச்சும் பிறக்கிறது. இலக்கணம் பழையதாகவே இருக்க, தங்களுக்கு முக்கியமான இடங்களில் மட்டும் சொற்கள் புதிதாகின்றன என்றார். ராமசியிலும் நடந்தது அதுவே.

எந்தச் சொல் வசை, எந்தச் சொல் மதிப்பு என்பதிலும் வெளியாள் ஏமாறுவார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டிரென்டன் நகரச் சிறையை ஆராய்ந்த சமூகவியலாளர் கிரெஷம் சைக்ஸ், கைதிகள் ஒருவருக்கொருவர் சூட்டிய பட்டப் பெயர்களை 1958-ல் வெளியான தம் நூலில் விளக்குகிறார். அடித்துப் பிடுங்குபவன் ‘கொரில்லா’. சிகரெட்டையும் சாப்பாட்டையும் சக கைதிக்கு விற்றுக் காசு பார்ப்பவன் ‘வியாபாரி’. காவலரிடம் எதற்கெடுத்தாலும் மோதுபவனுக்கு ஆபாசமான ஒரு பட்டம். ஓசையில்லாமல் தண்டனையைத் தாங்கி, இருப்பதைப் பகிர்ந்து, யாரையும் காட்டிக்கொடுக்காதவன் ‘நிஜ ஆம்பளை’.

வெளியாள் இந்தப் பட்டியலைப் பார்த்தால் வியாபாரி என்பது சாதுவான பெயர் என்று நினைப்பார். உள்ளே அது இழிசொல். எல்லாருக்கும் பற்றாக்குறை இருக்கும் இடத்தில், பகிர வேண்டியதை விற்பவன் கூட்டத்தையே விற்பவன் என்பது கைதிகளின் கணக்கு. அதேபோல, காவலரோடு மோதுபவனைக் கைதிகள் வீரனாகக் கொண்டாடுவார்கள் என்று வெளியாள் எண்ணுவார். அவனால் மொத்த பிளாக்குக்கும் கெடுபிடி கூடும். கிடைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்னச் சலுகைகளும் போகும். ஆகவே அவனை முட்டாள் என்றே ஒதுக்கினார்கள். வசைச்சொற்கள் அந்தச் சிறையின் சட்டப் புத்தகமாக இருந்தன. யார் யாரைச் சுரண்டக் கூடாது என்று அவை சொல்லிக்கொண்டிருந்தன.

‘மனு’ வந்திருக்கு

மதுரை அரசரடி புது ஜெயில் ரோட்டில், 1865-ல் தொடங்கிய மத்திய சிறையின் வாசலில் நிற்கும் குடும்பங்களின் வாயில் ஒரு சொல் ஓயாமல் அடிபடும்: மனு. “மனு போட்டாச்சா?” “இன்னிக்கு மனு உண்டா?” புதிதாகக் கேட்பவர் ஜாமீன் மனு, கருணை மனு என்று நினைத்துக்கொள்வார். தமிழ்நாட்டுச் சிறைப் பேச்சில் மனு என்றால் வீட்டாரைப் பார்ப்பது. பார்ப்பதற்கு எழுதிக் கொடுக்கும் தாளின் பெயரே பார்ப்பதற்கும் ஆகிவிட்டது. “உனக்கு மனு வந்திருக்கு” என்ற குரலுக்காகக் கைதி வாரம் முழுக்கக் காத்திருக்கிறார். யாருக்கு மனுவே வருவதில்லை என்பது உள்ளே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

வன்முறைக்கும் இங்கே சாதுவான பெயர்கள்தான். வெட்டுக்குத்துக்குச் ‘சம்பவம்’. அதற்கான திட்டத்துக்கு ‘ஸ்கெட்ச்’. கத்திக்கும் அரிவாளுக்கும் ‘பொருள்’. ஷெர்வுட் குறித்த வெற்றிலையின் பேரப்பிள்ளைகள் இவை. இவற்றுள் சம்பவம் சினிமா வழியாகவும் செல்போன் வழியாகவும் தெருவுக்கு வந்துவிட்டது. கிரிக்கெட்டில் சதம் அடித்தவரையும் “தரமான சம்பவம்” என்று பையன்கள் பாராட்டுகிறார்கள். ஆகவே ஒரு பதிவில் அந்தச் சொல் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எவரையும் ரவுடிப் பட்டியலில் சேர்க்க முடியாது. “நாளைக்கு சம்பவம் இருக்கு” என்று ஒருவர் எழுதினால், நாளை அவருக்கு மேட்சா, கல்யாணமா, பகையா என்பதைத்தான் தேட வேண்டும்.

மறைபேச்சு கைதிகளுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. “பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு” என்ற வாசகம் காவல் நிலையச் செய்திகளில் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. அதைப் படிக்கும் எவரும் வழுக்கிய தரையைக் கற்பனை செய்வதில்லை. பிடிபட்டவர்கள் மட்டும் எப்படிக் காவல் நிலையக் கழிப்பறைகளில் வழுக்கி விழுகிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025-ல் கேட்டது. அடித்ததைச் சொல்லாமல் சொல்லும் இந்த வாசகத்தைச் சமூக ஊடகத்தில் சிலர் கைதட்டி வரவேற்பதும் நடக்கிறது. மங்கலச் சொல் காயத்தை மூடுகிறது, காயம் பட்டவருக்கு வாயில்லை.

ஒரு மிரட்டலைப் பிரித்துப் பார்த்தால்

கடுமையான சொல் காப்பாக மாறுவது எப்படி? எடுத்துக்காட்டாக ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். முதன்முறையாக உள்ளே வந்த இருபது வயதுப் பையன், இரவில் தன் வழக்கைப் பற்றி அறையில் உள்ள எல்லாரிடமும் அளக்கிறான். யாரோடு போனான், யார் வண்டி ஓட்டினார்கள், பணம் எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டுகிறான். மூலையில் படுத்திருக்கும் பழைய கைதி எழுந்து, “இன்னொரு வார்த்தை வாயிலிருந்து வந்துச்சு, சங்கை அறுத்துருவேன். மூடிட்டுப் படுறா” என்கிறார்.

காகிதத்தில் அது கொலை மிரட்டல். வெளியே கசிந்தால் ‘சிறைக்குள் ரவுடி அட்டகாசம்’ என்று செய்தியாகும். ஆனால் அந்தப் பையன் கொட்டியதைக் காலையில் யாராவது அதிகாரியிடம் விற்றுச் சலுகை வாங்கலாம். எதிர்தரப்பு ஆள் அதே பிளாக்கில் இருந்தால் பையனுக்கு ஆபத்து வரலாம். “தம்பி, இங்கே வழக்கைப் பேசாதே” என்று பெரியவர் தன்மையாகச் சொன்னால், அவனுக்கு ஏதோ வேண்டியவர் என்று மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள், அவருக்கும் சிக்கல். மிரட்டினால் பையன் வாயை மூடுவான், எவரும் எதையும் சந்தேகிக்க மாட்டார்கள்.

நேர்மாறாகவும் நடக்கும். இன்னொருவர் அதே பையனிடம் பீடியும் சோப்பும் கொடுத்து, “நீ நம்ம பங்காளிடா, எதுன்னாலும் அண்ணன்கிட்ட கேளு” என்கிறார். காதுக்கு எவ்வளவு இதம்! ஒரு மாதம் கழித்து அந்தக் கடனுக்கு வட்டி கேட்கப்படும். பணமாக இல்லாவிட்டால் எடுபிடி வேலையாக, தடைசெய்த பொருளை ஒளித்துவைக்கும் வேலையாக, வெளியே போனதும் செய்து முடிக்க வேண்டிய காரியமாக. சைக்ஸ் விவரித்த வியாபாரி இவர்தான்.

இரண்டையும் பிரித்தறிய அகராதி உதவாது. சொன்ன பிறகு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். திட்டு வாங்கிய பையன் மறுநாள் அந்தப் பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறானா, அல்லது இடம் மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சுகிறானா? மிரட்டியவர் அதனால் ஏதாவது பெற்றாரா? ‘பங்காளி’ என்று அழைக்கப்பட்டவன் தன் மனுவில் வந்த பழத்தையும் பிஸ்கட்டையும் தானே சாப்பிடுகிறானா, கொண்டுபோய்க் கொடுக்கிறானா? அனுபவமுள்ள வார்டர் காதைவிடக் கண்ணைத்தான் நம்புவார்.

நம் நீதிமன்றமும் இதே வழியில் யோசித்திருக்கிறது. தமிழ்நாட்டின் அடிதடி வழக்குகளில் பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 506(2) பிரிவுகள் சேர்ந்தே வரும். ஆபாசமாகத் திட்டினார், கொலை மிரட்டல் விடுத்தார் என்பது பொருள். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 296(பி), 351(3) ஆகியிருக்கின்றன. கொலை மிரட்டலுக்கு ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். வாய்ச்சண்டையில் “கொன்னுபுருவேன்” என்பது மூச்சுவிடுவதுபோல வந்துவிழும் மதுரை வட்டாரத்தில் இது எத்தனை பேரைத் தொடக்கூடிய பிரிவு என்று சொல்ல வேண்டியதில்லை.

நோபிள் மோகன்தாஸ் என்பவருக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தது. தீர்ப்பு 1989-ன் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. மிரட்டல் மெய்யானதாக இருக்க வேண்டும். சொன்னவர் மெய்யாகவே அந்த எண்ணத்தோடு சொல்லாதபோது, கேட்டவரும் மெய்யாகவே அஞ்சாதபோது, வெறும் சொல்லை மட்டும் வைத்துக் குற்றம் என்று கொள்ள முடியாது என்பது அதன் சாரம். அதன்பின் பல வழக்குகளில் வழக்கறிஞர்கள் இதை எடுத்துக்காட்டி வருகிறார்கள்.

இந்த அளவுகோல் நீதிமன்றத்தை எட்டும்போது பல நேரம் காலம் கடந்துவிடுகிறது. முதல் தகவல் அறிக்கையில் ‘அசிங்கமாகத் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தார்’ என்று அச்சடித்ததுபோல ஒரே வரி விழும். என்ன சொல் சொல்லப்பட்டது, யார் முன்னால், அதற்குக் கேட்டவர் என்ன பதில் சொன்னார், அடுத்த நாள் இருவரும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பவை அதில் இருக்காது. சிறைக்குள் நடக்கும் விசாரணைக்கும் இது பொருந்தும். வாயிலிருந்து வந்த சொல்லை வந்தபடியே எழுதிக்கொள்வதும், அதைக் கேட்டவரைத் தனியே அழைத்து அவர் பயந்தாரா என்று கேட்பதும் ஓர் உதவி ஆய்வாளருக்கோ சிறை அலுவலருக்கோ அரைமணி நேர வேலை. அந்த அரைமணி நேரம் செலவிடப்பட்டால், பையனின் வாயை அடைத்துக் காப்பாற்றிய பழைய கைதி தண்டனைக் கொட்டடிக்குப் போக மாட்டார். பீடி கொடுத்துப் ‘பங்காளி’ என்று அழைத்தவர் மீதும் ஒரு கண் இருக்கும்.